ஐஸ் தொழிற்சாலையின் நட்டக் கணக்கு: 70 இலட்சமா, 106 இலட்சமா?

வாழைச்சேனையில் மச்சானும் நானும் சேர்ந்து ஐஸ் தொழிற்சாலை போட்டது 2022இல். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகைக் காணி. பாட்டன் காலத்துத் தொழிலல்ல, கடன் எடுத்த புதுக் கம்பனி. ஆகஸ்டில் முதல் ஐஸ் கட்டியை இறக்கினோம். அதே மாதம்தான் மின்சாரக் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. அதே மாதம் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. மண்ணெண்ணெயில் ஓடும் சின்னப் படகுகள் கரையில் கிடந்தன. படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? கம்பிரசரை ஓடவிட்டாலும் நட்டம், நிறுத்தினாலும் நட்டம். 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீத உயர்வு வந்தபோது மச்சான் பில்லை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை.

2023 மார்ச் 31இல் முதல் வருடக் கணக்கை முடித்தபோது 58 இலட்சம் நட்டம். இரண்டாம் வருடம் 12 இலட்சம். மூன்றாம் வருடம்தான் தலை நிமிர்ந்து 38 இலட்சம் இலாபம். அந்த நட்டங்களை வரியில் எப்படிப் பயன்படுத்தினோம், எங்கே சறுக்கப் பார்த்தோம் என்பதுதான் இந்தப் பதிவு.

ஏற்பாட்டின் அடிப்படை சுலபமானது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, ஒரு மதிப்பீட்டு ஆண்டில் கம்பனி வியாபாரத்தில் நட்டப்பட்டால், அந்த நட்டத்தை அடுத்த 6 ஆண்டுகளுக்குள் வரும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். எங்கள் 2022/23 நட்டத்தை 2028/29 வரை கழிக்கலாம். அதற்குள் தீராதது போனதுதான். எங்களைப் போன்ற கம்பனிக்கு வரி 30 வீதம் என்பதால், கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு இலட்ச நட்டமும் பின்னால் கட்ட வேண்டிய 30 ஆயிரத்துக்குச் சமம்.

அப்போது எங்கள் கணக்கை எழுதிய தம்பி நல்ல பொடியன், வேலை சுத்தம். ஆனால் அவர் ரிட்டனில் போட்டது கணக்குப் புத்தகத்தில் இருந்த அதே 58 இலட்சம். நானும் கையொப்பமிட்டேன். நட்டம்தானே, எந்த எண்ணைப் போட்டால் என்ன, வரி எப்படியும் பூச்சியம். இந்தத் தப்பு கண்ணில் படாததற்கும் அதுதான் காரணம். நட்டப்படுகிற வருடத்தில் சரியான எண்ணும் பிழையான எண்ணும் ஒரே பூச்சியத்தில்தான் போய் முடியும்.

அடுத்த வருட ரிட்டனை நவம்பர் 30க்குள் போட வேண்டும். அந்தத் தம்பி வெளிநாடு போய்விட்டதால் கல்லடியில் ஒரு கணக்காளர் அக்காவிடம் போனேன். கோப்பைத் திறந்து முதலாவது பக்கத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இந்த 58 ஆர் போட்டது? இது உங்கட கணக்கு நட்டம். வரி நட்டம் எங்க?"

இரண்டும் வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். இயந்திரம், உப்புநீர்த் தொட்டி, குளிர் அறை எல்லாம் சேர்த்து நாங்கள் போட்ட பணம் 2 கோடி. அவற்றுக்குப் 10 வருட ஆயுள் என்று வைத்து, வருடம் 20 இலட்சத்தைப் பெறுமானத் தேய்வாகக் கணக்கில் கழித்திருந்தோம். வரிச் சட்டம் அந்தத் தேய்வை ஏற்பதில்லை. அதை முழுதாகத் திருப்பிக் கூட்ட வேண்டும். அதற்குப் பதிலாகச் சட்டம் தருவது மூலதனக் கழிவு. எங்கள் வகை இயந்திரங்களுக்கு 5 வருடம், வருடம் 20 வீதம், அதாவது 40 இலட்சம்.

அதோடு ஒரு 3 இலட்சத்தையும் கூட்டினார். அது எங்கள் அசட்டை. தொழிற்சாலை மீட்டரிலேயே வீட்டுக்கும் கரண்ட் எடுத்திருந்தோம். திறப்பு விழாச் சாப்பாட்டையும் செலவில் போட்டிருந்தோம். வீட்டுச் செலவும் விருந்துச் செலவும் வரியில் கழியாது. மச்சானுக்குப் புரியாணிக் காசு போனதுதான் கவலை.

ஆக, முதல் வருடம் இப்படி: நட்டம் 58, திருப்பிக் கூட்டியது 20 உம் 3 உம், அப்போது 35 நட்டம். அந்த நட்டத்தோடு மூலதனக் கழிவு 40ஐயும் சேர்த்தால் வரி நட்டம் 75 இலட்சம். இரண்டாம் வருடம் நட்டம் 12, தேய்வு 20 உம் ஏற்காத செலவு 1 உம் கூட்டினால் 9 இலட்சம் வருமானம் போலத் தெரியும். 40ஐக் கழித்தால் மறுபடி 31 இலட்சம் நட்டம். இரண்டும் சேர்ந்து 106 இலட்சம். கணக்குப் புத்தகத்தின்படி 70. வித்தியாசம் 36 இலட்சம். அதன் 30 வீதம் 10 இலட்சத்து 80 ஆயிரம். ஒரு கம்பிரசர் மோட்டாரைப் புதுப்பிக்கலாம்.

"இந்த வருசம் வேண்டாம், இலாபம் வரும்போது மூலதனக் கழிவை எடுப்போம்" என்று கேட்டேன். கெட்டிக்காரத்தனமான யோசனை என்றுதான் நினைத்தேன். அக்கா சிரித்தார். மூலதனக் கழிவு அந்தந்த வருடத்துக்கே உரியது, அதைத் தள்ளிவைக்க முடியாது. எடுக்காவிட்டால் அந்த வருடத்துக்கானது போய்விடும். நட்டமாக மாற்றி எழுதினால் மட்டும்தான் அடுத்த வருடங்களுக்கு அது நகரும். இலாபமே இல்லாத வருடத்தில்கூட அதைக் கட்டாயம் எழுத வேண்டியது இதனால்தான். முதல் வருட ரிட்டனைத் திருத்திப் போட்டோம். திருத்துவதற்கும் கால எல்லை உண்டு. நாங்கள் அதற்குள் போனோம்.

திருத்தும்போதுதான் ஆதாரம் என்ற பூதம் வந்தது. 2 கோடியில் 15 இலட்சம் உப்புநீர்த் தொட்டிக் கட்டுமானம். அதற்கு எங்களிடம் இருந்தது மேசன் அண்ணனின் ஒற்றை ரூல் போட்ட கொப்பித் தாள். பென்சிலில், நடுவில் ஒரு தேநீர்க் கறை. தொகை எழுதியிருந்தது, யாருக்கு, எதற்கு என்று எழுதவில்லை. "இத வச்சு வருசத்துக்கு 3 இலட்சம் கழிவு கேட்டா அவங்க கேள்வி கேக்கத்தான் செய்வாங்க" என்றார் அக்கா. வந்தாறுமூலை வரை போய், அண்ணனைத் தேடிப் பிடித்து, திகதி, வேலை, தொகை, அடையாள அட்டை எண் போட்டுக் கையொப்ப ரசீது வாங்கினேன். வங்கிக் கூற்றில் அதே தொகைகள் வெளியே போன நாள்களையும் சேர்த்துக் கட்டினோம். இந்தப் பத்திரங்களை நட்டம் முழுதும் கழிந்து தீரும்வரை வைத்திருக்கப்போகிறேன். 2028/29இல் கழிப்பதற்கு ஆதாரம் 2022இன் பில்தானே.

மூன்றாம் வருடம், 2024/25. இலாபம் 38. தேய்வு 20 உம் ஏற்காத செலவு 2 உம் கூட்டி 60. மூலதனக் கழிவு 40 போக வியாபார வருமானம் 20 இலட்சம். அதில் பழைய நட்டத்திலிருந்து 20ஐக் கழித்தோம். வரி பூச்சியம். 20 இலட்சத்தின் 30 வீதமான 6 இலட்சம் கையில் நின்றது. மிச்சம் 86 இலட்சம் நட்டம் இருக்கிறது. மிகப் பழைய நட்டம் முதலில் கழியும் என்பதால், அதில் 55 முதல் வருடத்தது, 31 இரண்டாம் வருடத்தது. அந்த 31க்குக் கெடு 2029/30 வரை.

2025/26க்கு நான் போட்டிருக்கும் மதிப்பீடு 70 இலட்சம் இலாபம். 20ஐக் கூட்டி 40ஐக் கழித்தால் 50 இலட்சம். அதை 86இலிருந்து கழித்தால் மறுபடி பூச்சியம், மிச்சம் 36. பழைய முறையில், கணக்கு நட்டமான 70ஐ மட்டும் நம்பியிருந்தால், மூன்றாம் வருடம் 38 கழிந்து 32 மிஞ்சியிருக்கும். நான்காம் வருட 70இல் 38 இலட்சத்துக்கு வரி, 11 இலட்சத்து 40 ஆயிரம். அதே ஐஸ், அதே விற்பனை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூலதனக் கழிவு 2026/27உடன் முடிகிறது. 2027/28இல் எங்கள் கணக்கு இலாபம் மாறாமல் இருந்தாலும் வரிக்குரிய வருமானம் 40 இலட்சம் குதிக்கும். தேய்வைத் திருப்பிக் கூட்டவும் வேண்டும். அதனால் அந்த வருடத்திலிருந்து வரிக்குத் தனியாகப் பணம் ஒதுக்க மச்சானிடம் இப்போதே சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்.

வங்கியில் ஒரு நிலையான வைப்பு இருக்கிறது, வட்டி சொற்பம். வியாபார நட்டத்தை அந்த வட்டி வருமானத்திலிருந்தும் கழிக்கலாம் என்பது நல்ல செய்தி. காணி விற்று வரும் மூலதன ஆதாயத்திலிருந்து கழிக்க முடியாது. அதுபோலக் கம்பனியின் நட்டம் கம்பனிக்கே உரியது. என் மனைவியின் ஆசிரியச் சம்பளத்திலோ என் சொந்த வருமானத்திலோ அதைக் காட்ட வழியில்லை.

கடைசியாக ஒன்று, அது எங்களுக்கு நேரத்தில் தெரிய வந்தது அதிர்ஷ்டம். கனடாவிலிருக்கும் பெரியப்பாவின் மகன் பணம் போட்டு 60 வீதப் பங்கு எடுக்கக் கேட்டார். பேச்சு கனிந்து, பெரியம்மா நாள் பார்க்கவும் தொடங்கிவிட்டார். அக்காவிடம் சொன்னதும், "நில்லுங்க, 60 எண்டா சொல்றீங்க?" என்றார். கம்பனியின் உரிமை அரைவாசிக்கு மேல் கைமாறினால், மாற்றத்துக்கு முந்திய நட்டத்தைக் கழிக்கும் உரிமை பறிபோகக்கூடிய விதி சட்டத்தில் இருக்கிறது. அப்போது எங்களிடம் இருந்த 86 இலட்ச நட்டத்தின் வரிப் பெறுமதி 25 இலட்சத்து 80 ஆயிரம். அதைப் புதுப் பங்காளியோடு பேரம் பேசும்போது ஒருவரும் மேசையில் வைத்திருக்கமாட்டோம்.

கனடா அண்ணனுக்கு வீடியோ அழைப்பில் கணக்கை விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, 40 போதும். மிச்சத்தைக் கடனாத் தாறன், வட்டி வங்கியை விடக் குறைய" என்றார். பங்குப் பத்திரத்தை எழுதியாயிற்று. மேசன் அண்ணனின் ரசீதை இப்போது பொலித்தீன் உறையில் போட்டு, கல்லடிக் கோப்பின் முதல் பக்கத்தில் அக்காவே ஒட்டி வைத்திருக்கிறார்.