15 நொடியா, 30 நொடியா, 60 நொடியா?

விளம்பர வீடியோவின் நீளத்தை முடிவு செய்யும் முன், பார்ப்பவர் மனதில் இன்னும் எத்தனை கேள்வி பாக்கி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வீடு கூட்டும் ரோபோவை எடுத்துக்கொள்வோம். அதைப் பற்றிக் கேள்விப்படாதவருக்கு மூன்று சந்தேகம்: மூலையில் போகுமா, படியில் விழுமா, குப்பையை யார் கொட்டுவது? மூன்றையும் கண்ணால் காட்ட 60 நொடி வேண்டும். இரண்டு மாடலை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு 30 போதும். படி விளிம்பில் அது நின்று திரும்புவதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டுங்கள். கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்கு 15. அவரிடம் மறுபடி விளக்கவே கூடாது. உத்தரவாதம், டெலிவரி நாள், அவ்வளவுதான். அதுவே சோப்பு என்றால், புதியவருக்கும் 15 தாராளம்.

பலர் செய்யும் தப்பு, 60 நொடிப் படத்தை வேகமாக ஓட்டி 15 ஆக்குவது. நிதானமான குரலில் 15 நொடிக்கு ஏறக்குறைய 25 சொல்தான் அடங்கும். அதனால் 15க்குத் தனி ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

60 நொடியைக் கடைசிவரை பார்த்தும் யாரும் கிளிக் செய்யவில்லையா? நீளத்தைக் குறைக்காதீர்கள்; விடை கிடைக்காத கேள்வி எது என்று கமெண்ட்டில் தேடுங்கள்.