மே மாதத்தில் எங்களுக்கு எதற்கு ஐஸ்?

கடலூர் முதுநகரில் மாமாவுக்கு இரண்டு விசைப்படகு இருக்கிறது. கணக்கு என் தலையில். டீசல், ஐஸ், வலை, ஆட்களுக்குப் பங்கு, ஏலக்காரர் போடும் பணம் என்று நடப்புக் கணக்கில் தினமும் வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியும் எந்தச் செலவு, எந்த வரவு என்று உட்கார்ந்து பிரிப்பதற்குப் பதிலாக இரவோடு இரவாகத் தானே பிரித்துவிடும்படி செய்யலாம் என்று தெரிந்த ஒரு பையனிடம் நிரல் எழுதச் சொன்னோம். புரியாத வரியை மட்டும் எங்களுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. முடிவில் வேலை ஒழுங்காக நடக்கிறது, ஆனால் அதற்குள் பட்ட பாடு இருக்கிறதே!

முதலில் வங்கி. தினசரி ஸ்டேட்மென்டை மின்னஞ்சலில் அனுப்பக் கேட்டால், கவுன்டரில் இருந்தவர் அப்படி ஒரு வசதியே இல்லை என்று நிமிர்ந்து கூடப் பார்க்காமல் சொன்னார். இன்னொரு நாள் போனபோது பக்கத்து மேஜைக்காரர் ஒரு படிவத்தை நீட்டி, முத்திரையோடு உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றார். மாமாவைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனேன். நடப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் ரப்பர் ஸ்டாம்பை முதல் தடவையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிடிஎஃப் வேண்டாம், சிஎஸ்வி அல்லது எக்செல் வடிவில் வேண்டும் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

நிரல் அதிகாலை 4 மணிக்கு ஓடும். ராத்திரி 11 மணிக்கே ஓட்டினால் அன்றைய வரிகள் சில வந்திருக்காது.

முதல் சில வாரம் எல்லாம் பிரமாதம். காலையில் பார்த்தால் சந்தேக வரி ஒன்று கூட இல்லை. எனக்கு அதுவே இடித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்படியிருக்க மே மாதக் கணக்கில் ஐஸ் செலவு என்று வரிகள் நிற்கின்றன. தொகையைப் பாருங்கள்: 17.70, 590. எந்த ஐஸ் கம்பெனிக்காரர் எழுபது பைசாவுக்குப் பில் போடுவார்? 15 ரூபாயோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 17.70, 500 ரூபாயோடு சேர்ந்தால் 590. இரண்டும் வங்கி பிடித்த கட்டணம். பையன் எழுதிய விதி, விவரத்தில் ICE என்ற எழுத்துகள் எங்கே இருந்தாலும் ஐஸ் என்று போட்டுவிடுகிறது. SERVICE CHARGE என்பதில் ICE இருக்கிறது, OFFICE RENT என்பதிலும் இருக்கிறது! தனிச் சொல்லாக வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி இப்படி மாற்ற வைத்தோம்:

```
\bICE\b
```

இப்போது ICEPLANT என்று சேர்த்து எழுதி வந்தால் இந்த விதியில் மாட்டாது. மாட்டாமல் போனால் சந்தேக வரியாக நிற்கும், அவ்வளவுதானே. பெயரை விட யுபிஐ முகவரியை வைத்து விதி எழுதுவது இன்னும் நல்லது, ஏனென்றால் பெயரை வங்கி பாதியில் வெட்டிவிடும், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். சில வங்கிகளில் முகவரியும் வெட்டுப்படும், அதனால் உங்கள் ஸ்டேட்மென்டில் முழுசாக வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஐஸைச் சரிசெய்த பிறகும் சந்தேக வரி வரவில்லை. தோண்டிப் பார்த்தால், எந்த விதியிலும் சேராத வரியெல்லாம் சத்தமில்லாமல் "இதர செலவு" என்ற தலைப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. கேட்டதற்கு, "எதுவும் காலியா இருக்கக் கூடாதுன்னுதான் அண்ணே அப்படிப் போட்டேன்" என்கிறான். காலியாக இருப்பதுதானப்பா எங்களுக்கு வேண்டும்! இதரத்தை எடுத்துவிட்டு, விதி பொருந்தாவிட்டால் தலைப்பு காலி, பக்கத்தில் கொடி, காலையில் எனக்கும் அத்தைக்கும் அந்தப் பட்டியல் மட்டும் செய்தியாக வரும்படி செய்தோம். முதல் நாள் பட்டியல் நீளமாக வந்தது. பயப்படாதீர்கள், பட்டியலைக் குறைக்க வேண்டும் என்று அகலமான விதி மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரே முகவரி மூன்று தடவையாவது ஒரே தலைப்பில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் நாங்கள் விதி சேர்க்கிறோம்.

ஆளைத் தெரிந்தும் விதி எழுதாமல் விட்டவையும் உண்டு. படகு ஆட்களுக்கு ஒரே முகவரிக்கு ஒரு நாள் முன்பணம் போகும், இன்னொரு நாள் பங்கு போகும். எது எதுவென்று வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அத்தைக்குத்தான் தெரியும். அதனால் அவர்கள் பெயர் வந்தால் எப்போதும் கொடிதான்.

அடுத்து வந்ததுதான் எங்களை ரொம்ப அலைக்கழித்தது. டீசலுக்கு 40,000 ரூபாய் யுபிஐயில் அனுப்பினோம், தோல்வியாகி, அன்றே பணம் திரும்பி வந்தது. வங்கி ஸ்டேட்மென்டில் பற்று ஒன்று, வரவு ஒன்று என்று இரண்டு வரியும் இருக்கிறது. எங்கள் கணக்கில் பற்று மட்டும். பங்க்காரர் பணம் வரவில்லை என்கிறார், எங்கள் கணக்கு போய்விட்டது என்கிறது, மாமா இரண்டு பக்கமும் கத்துகிறார். காரணம் இதுதான்: ஒரே வரி இரண்டு முறை ஏறாமல் இருக்க, யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண்ணை மட்டும் வைத்து, முன்பே இருந்தால் தள்ளிவிடு என்று நிரலில் எழுதியிருந்தது. திரும்பி வரும் பணம் பெரும்பாலும் அதே எண்ணோடுதான் வரும், ஆகவே அதை நகல் என்று தூக்கிப் போட்டுவிட்டது. இப்போது அடையாளம் இப்படி:

```python
if ref:
    key = (ref, drcr, amount)
else:
    key = (date, narration, amount, balance)
```

கீழ்ப்பகுதி குறிப்பு எண் இல்லாத வரிகளுக்கு. ஒரே நாளில் ஒரே கட்டணம் இரண்டு முறை பிடித்திருந்தால் மீதித் தொகைதான் அவற்றைப் பிரித்துக் காட்டும். இன்னொன்று, சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேமித்துவிட்டு நிரலுக்குக் கொடுக்காதீர்கள். 12 இலக்க எண் 5.12E+11 என்று சுருங்கிப் போகலாம், அப்புறம் எந்த அடையாளமும் வேலைக்காகாது.

தலைப்பு பிரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனையும் சேர்க்கச் சொன்னேன்: நேற்றைய இறுதி மீதியோடு இன்று ஏற்றிய வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் வங்கி காட்டும் மீதி வரவேண்டும். வராவிட்டால் அன்று எதையும் பிரிக்காமல் நின்றுவிடு. இது முதலிலேயே இருந்திருந்தால் அந்த 40,000 மறுநாள் காலையே பிடிபட்டிருக்கும். ஒரு நாள் மின்னஞ்சல் வராமல் போனாலும் இதுவே காட்டிக்கொடுக்கிறது.

கடைசிச் சண்டை கையால் திருத்தியதைப் பற்றி. மீன் வாங்குபவர் ஒருவர் பழைய கடனைத் திருப்பி அனுப்பினார். நிரல் மீன் விற்பனை என்று போட்டிருந்ததை அத்தை கடன் வரவு என்று மாற்றினார். மறுநாள் பார்த்தால் திரும்பவும் மீன் விற்பனை. அவரும் விடாமல் மாற்ற, அது இரவில் திரும்பவும் மாற்ற, "இந்தக் கம்ப்யூட்டரோடு நான் மல்லுக்கட்ட மாட்டேன், நீயே பார்த்துக்கோ" என்று நோட்டை மூடிவிட்டார். ஒவ்வொரு இரவும் எல்லா வரிகளையும் முதலிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தது நிரல். இப்போது ஒவ்வொரு வரியிலும் தலைப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தது விதியா ஆளா என்றும், விதியென்றால் எத்தனையாவது விதி என்றும் பதிகிறது. இரவில் தலைப்பு காலியாக இருக்கும் வரிகளை மட்டும்தான் தொடும். புது விதியைப் பழைய வரிகளுக்குப் போட வேண்டுமானால் அதை நாங்கள் தனியாக ஓட்டுகிறோம், அப்போதும் ஆள் வைத்த தலைப்பில் கை வைக்காது. விதி எண் இருப்பதால் தப்பாக விழுந்த வரியைப் பார்த்ததும் எந்த விதியைத் திருத்த வேண்டும் என்று உடனே தெரிகிறது.

இப்போது காலைப் பட்டியலில் பெரும்பாலும் ஆட்களின் வரிகளும், ரொக்கம் எடுத்த வரிகளும்தான் நிற்கின்றன. ரொக்கம் எதற்குப் போனது என்று மாமாதான் சொல்ல வேண்டும், அவர் பாதி நாள் மறந்துவிடுகிறார், அந்தக் கொடி அவர் சொல்லும்வரை அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.