எதிரி இல்லாமலே விழுந்த சுமோ

பாளையங்கோட்டை வீட்டுத் தார்சாவில் நானும் அக்கா மகனும் மூன்று நாளாக, எதிரி ரோபோவை வட்டத்துக்கு வெளியே தள்ளும் ஒரு மினி சுமோ ரோபோவோடு மல்லுக்கட்டினோம். 77 செ.மீ. கறுப்பு வட்டம், ஓரத்தில் 2.5 செ.மீ. வெள்ளைக்கோடு. எதிரியைத் தேடிப் போகும்போது கோட்டில் நிற்காமல் நேராக வெளியே விழுந்தது.

"மாமா, எதுக்க ஒண்ணுமே இல்லையே, பெறவு ஏன் விழுது?" என்றான். காரணமே அதுதான்!

எதிரில் ஆள் இருந்தால் அல்ட்ராசோனிக் சென்சாருக்கு எதிரொலி உடனே வந்துவிடும். இல்லையென்றால் சுமார் 38 மில்லி செகண்ட் காத்திருக்கும். அதுவரை நிரல் அங்கேயே நிற்பதால் கோட்டுச் சென்சாரை யாரும் பார்ப்பதில்லை. நொடிக்கு 60 செ.மீ. வேகத்தில் அதற்குள் 2.3 செ.மீ. ஓடிவிடும், கிட்டத்தட்ட கோடு முழுவதும். அதோடு, கோட்டுச் சென்சார் முன்பக்க ஆப்புத் தகட்டுக்கு 1 செ.மீ. பின்னால் இருப்பதால், கோடு தெரியும் முன்பே தகடு அதன்மேல் ஏறிவிடுகிறது.

காத்திருப்புக்கு எல்லை வைத்தோம்:

```
t = pulseIn(ECHO, HIGH, 5000);
```

5000 மைக்ரோ செகண்ட், அதாவது 5 மில்லி செகண்டில் ஒலி போய்த் திரும்பும் தூரம் ஏறக்குறைய 85 செ.மீ. வட்டத்துக்கு அது போதும். 0 வந்தால் எதிரி இல்லை, தேடலைத் தொடரலாம். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் கோட்டைத்தான் முதலில் பார்க்க வைத்தோம், தாக்கும்போதும்கூட. வெள்ளை தெரிந்தால் பின்வாங்கித் திரும்பும். ஒரு குறை உண்டு: எதிரொலி வராத பழைய அளவீடு முடியும்வரை சென்சார் புதிதாக அளக்காது. எதிரி சற்றுத் தாமதமாகத் தெரிவான். விழுவதற்கு அது எவ்வளவோ மேல்.

நேற்று ராத்திரி இருபது முறை ஓடவிட்டோம், ஒருமுறைகூட விழவில்லை.