திங்கள்கிழமை என்று கேட்டதுதான் தவறு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் எங்கள் ஊர். கேரளத்துக்குள் இருந்தாலும் வீட்டில், கடையில், மில்லில் எல்லாம் தமிழ்தான். என் பெரியம்மா பக்கத்து நூல் மில் ஒன்றில், பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங் பகுதியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். கடைசி நான்கைந்து வருடம் மூச்சு வாங்கிக்கொண்டேதான் போய் வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளிப் பரிசோதனை செய்தார்கள். "படம் சுத்தமா இருக்கு, டிபி இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் பொது சுகாதாரம் முதுகலைப் படிப்பின் கடைசி ஆண்டில் ஆய்வுக்குத் தலைப்பு தேடியபோது, பெரியம்மாவின் மூச்சுதான் முதலில் நினைவுக்கு வந்தது. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். அந்த நோய்க்கென்று எக்ஸ்ரேயில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. படம் சுத்தமாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இது எனக்குப் பாடத்தில் படித்த பிறகுதான் தெரிந்தது, தெரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் வழிகாட்டி ஒரு மலையாளி டாக்டர், தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் நாளே கேட்டார்: "பஞ்சு மில்லில் மூச்சுத்திணறல் இருக்கிறது என்று காட்டுவது சுலபம். பஞ்சுதான் காரணம் என்று எப்படிச் சொல்வாய்?" பதிலுக்கு நான், ஒன்று இன்னொன்றுக்குக் காரணமா என்று எடைபோட ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் சொன்ன ஒன்பது அளவைகளை ஒப்பித்தேன். தொடர்பின் வலிமை, பல இடங்களில் ஒரே முடிவு, குறிப்பான தன்மை, காலவரிசை, அளவு கூடக்கூட நோய் கூடுவது, உயிரியல் பொருத்தம், மற்ற அறிவோடு முரண்படாமை, சோதனை, ஒப்புமை. அவர் கேட்டுவிட்டு, "இதில் எத்தனைக்கு டிக் அடித்தால் பாஸ்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில், அப்படி ஒரு பாஸ் மார்க் இல்லை என்பதுதான். ஹில் 1965 ஜனவரி 14 அன்று லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினின் தொழில்சார் மருத்துவப் பிரிவில் பேசிய உரையில் வந்தவை இவை. அவர் இவற்றைச் சட்டமாக வைக்கவில்லை, ஒரு தொடர்பைப் பார்க்கும் ஒன்பது கோணங்களாக வைத்தார். எதுவும் தனியாக நிரூபிக்காது, எதுவும் கட்டாயமும் இல்லை என்று அதே உரையில் சொல்லியிருக்கிறார். இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது. அந்த உரைக்கு முப்பத்தைந்து வருடம் முன்பு, 1930இல், இதே ஹில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சு மில் தொழிலாளர்களின் நோய் விடுப்புகளை ஆராய்ந்து அறிக்கை எழுதியிருக்கிறார். கார்டிங் நடக்கும் கார்டு ரூமில் வேலை செய்தவர்களுக்கு மூச்சு சம்பந்தமான நோய்கள் அதிகம் என்று அதில் பார்த்திருக்கிறார்.

சரி, வேலையைத் தொடங்கினேன். பிசினோசிஸ் பற்றிப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் திங்கள்கிழமை. ஞாயிறு விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் நாளில் ஷிப்டு தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். வாரம் போகப்போகக் குறையும். அடுத்த திங்கள் மறுபடி வரும். எனவே என் கேள்வித்தாளில் "திங்கட்கிழமைகளில் நெஞ்சு இறுக்கம் வருகிறதா?" என்று எழுதிக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவரும் ஆமாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சோர்ந்து உட்கார்ந்தேன். பெரியம்மாதான் கேட்டார்:

"என்ன அம்மிணி, மூஞ்சி இப்படி இருக்கு?"

சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மில்லுல எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமையா லீவு? எனக்குப் புதன்கிழமை. பக்கத்து மிசினுக்காரிக்கு வெள்ளிக்கிழமை. லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் நெஞ்சு கட்டும், கண்ணு. கிழமைக்கும் அதுக்கும் என்ன?"

மில் வாரம் முழுக்க ஓடுகிறது, வார விடுப்பு ஆளுக்கு ஒரு நாள். லங்காஷயரின் கிழமையை நான் அப்படியே கொண்டுவந்து இங்கே கேட்டிருக்கிறேன். கேள்வியை "வார லீவு முடிந்து வரும் முதல் நாள்" என்று மாற்றிக்கொண்டு மறுபடி அதே ஆட்களிடம் போனேன். இந்தமுறை பதில்கள் வேறாக இருந்தன. இந்தத் தவறே பிறகு எனக்கு மிகப்பெரிய சாட்சியாக ஆனது. எல்லோருக்கும் திங்கள் என்றால், வாரத்தின் முதல் நாள் சலிப்பு என்று யாராவது சொல்லலாம். அன்று ஏதோ ஒரு இயந்திரத்தைக் கழுவினார்கள் என்றும் சொல்லலாம். இங்கே ஒருவருக்கு வியாழன், இன்னொருவருக்குச் சனி. அவரவர் விடுப்பைத் தொடர்ந்துதான் இறுக்கம் வந்தது. அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தது பஞ்சிலிருந்து ஒரு நாள் விலகித் திரும்பியது மட்டும்தான்.

விடுப்பே எடுக்காமல் காசுக்காகத் தொடர்ந்து வேலை பார்க்கிறவர்கள் சிலர் இருந்தார்கள். முதல் நாள் இறுக்கம் இல்லை என்றார்கள். முதல் நாள் என்று ஒன்று இருந்தால்தானே இறுக்கம் தெரியும். அவர்களை "நோய் இல்லாதவர்கள்" என்று எண்ணியிருந்தால் கணக்கு தவறியிருக்கும். தனியாக ஒதுக்கி வைத்தேன்.

அடுத்து வலிமை. கார்டிங்கில் 18 பேரில் 7 பேருக்கு முதல் நாள் இறுக்கம். நூலைச் சுற்றும் வைண்டிங்கில் 24 பேரில் 2 பேருக்கு. கார்டிங்கில் நூற்றுக்கு 39, வைண்டிங்கில் நூற்றுக்கு 8, ஏறக்குறைய நாலரை மடங்குக்கு மேல். உற்சாகமாக எடுத்துப்போனேன். வழிகாட்டி நம்பக எல்லையைக் கணக்கிடச் சொன்னார். ஒன்றுக்குச் சற்று மேலிருந்து இருபது மடங்கு வரை வந்தது. உண்மையான வித்தியாசம் மிகச் சிறிதாகவும் இருக்கலாம், மிகப் பெரிதாகவும் இருக்கலாம் என்று பொருள். சிறிய எண்ணிக்கையின் விலை அது. அந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடாமல் உள்ளே வைத்தேன்.

அளவுக் கோணத்தில்தான் எனக்குப் பெரிய அடி விழுந்தது. வருடம் கூடக்கூட நோய் கூட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். கார்டிங்கில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களிடம் இறுக்கம் குறைவாகவும், ஐந்தாறு வருடக்காரர்களிடம் அதிகமாகவும் இருந்தது. தலைகீழ். பஞ்சு பாதுகாக்கிறதா என்ன?

இல்லை. முடியாதவர்கள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். தாங்குகிறவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். இருக்கிறவர்களை மட்டும் எண்ணினால் தூசி நல்லது என்றே முடிவு வரும். எனவே மில்லை விட்டு வெளியே வந்து, வேலையை விட்டவர்களின் வீடுகளைத் தேடினேன். கார்டிங்கை விட்ட ஆறு பேர் கிடைத்தார்கள். நான்கு பேர் மூச்சு முடியாமல்தான் விட்டதாகச் சொன்னார்கள், அதில் ஒருவர் பெரியம்மா. அவர்கள் எவரும் மில் பதிவேட்டில் நோயாளியாக இல்லை. ராஜினாமா செய்தவர்களாகத்தான் இருந்தார்கள். தொழில்நோய் ஆய்வு செய்கிறவர்கள் இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மற்ற எட்டுக் கோணமும் வீண் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

தூசியை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. பகுதியையே அளவாக வைத்துக்கொண்டேன். பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமும் கார்டிங்கும் அதிகம், வைண்டிங் குறைவு. ஸ்பின்னிங்கில் தலைமுடியெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். பார்க்க அதுதான் பயமாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்தப் பஞ்சு மூக்கோடு நின்றுவிடும். நுரையீரல் வரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. அதில் பருத்திச் செடியின் இலைத்துணுக்கும், அதில் வளர்ந்த பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்ற நச்சும் இருக்கும். மூச்சுக்குழாய் இறுகுவது தூசியின் எடையைவிட இந்த நச்சின் அளவோடு நெருக்கமாகப் போகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

வாய் வார்த்தையை மட்டும் நம்பாமல், ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரால் ஊதவும் வைத்தேன். மூன்று முறை ஊதி அதில் உயர்ந்ததை எழுதிக்கொள்ள வேண்டும். கார்டிங்கில் ஒரு அக்கா விடுப்பு முடிந்து வந்த நாளில் காலை 7 மணிக்கு நிமிடத்துக்கு 340 லிட்டர் ஊதினார், மதியம் 3 மணிக்கு 290. ஏறக்குறைய 15 சதவீதம் சரிவு. நான்காம் நாள் 330இலிருந்து 320தான். இந்தச் சரிவுக்குக் கூடுதல் எடை ஒன்று உண்டு. யாருக்கும் விடியற்காலையில் மூச்சளவு குறைவாக இருந்து மதியத்தில் கூடுவதுதான் இயல்பு. கூட வேண்டிய நேரத்தில் குறைகிறது. வேலையால் வரும் ஆஸ்துமாவும் இங்கே பிரிந்துவிடுகிறது. அது பெரும்பாலும் வாரம் போகப்போகக் கூடும், இது குறைகிறது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு இருந்த ஒருவரைக் காலவரிசைக் கோணத்துக்காக நீக்கினேன். அவருக்கு நோய் மில்லுக்கு முன்பே வந்தது.

சோதனைக் கோணம் எனக்குத் தானாகவே கிடைத்தது. இரண்டு வாரம் அந்த அக்காவின் இயந்திர வரிசையில் பஞ்சுக்குப் பதில் பாலியெஸ்டர் ஓட்டினார்கள். அதே ஆள், அதே இயந்திரம், அதே ஷிப்டு. விடுப்பு முடிந்த முதல் நாள் அதே அக்கா காலை 340, மதியம் 350 ஊதினார். பஞ்சு திரும்பி வந்த வாரம் இறுக்கமும் திரும்பி வந்தது. பாலியெஸ்டரில் மொத்தத் தூசியும் குறைவு என்பதால், நச்சா தூசியா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் பஞ்சு என்பதில் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. ஆளி நார், கஞ்சாச் செடியின் ஹெம்ப் நார்த் தூசிகளிலும் இதே நோய் உண்டு என்பதால் ஒப்புமைக்கு ஒரே வரி போதுமாக இருந்தது. குறிப்பான தன்மைக்கு நான் எதுவும் எழுதவில்லை. மூச்சுத்திணறலுக்குப் புகையும் காரணம், விறகடுப்பும் காரணம். இல்லாததை இழுத்து ஒட்ட வேண்டியதில்லை.

வழிகாட்டி கடைசியாகக் கேட்டதற்குத்தான் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. "உன் பெரியம்மாவின் மூச்சுத்திணறல் பஞ்சால் வந்ததா?"

அந்தக் கார்டு ரூமில் முதல் நாள் நெஞ்சு இறுக்கத்துக்குப் பஞ்சுத்தூசி காரணம் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்வேன், சொன்னேன். பெரியம்மாவுக்கு இருப்பது வேறு, இப்போது எல்லா நாளும் இருக்கும் திணறல். அவர் முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். இந்தக் கோணங்கள் ஒரு கூட்டத்துக்குள் காரணத்தைத் தேடுகின்றன. ஒரு மனுஷியின் நுரையீரலில் எவ்வளவு பஞ்சு, எவ்வளவு புகை என்று அவை பிரித்துக் காட்டாது. அதையும் அப்படியே எழுதினேன்.

சட்டம் வேறு வழியில் போகிறது. பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய் இஎஸ்ஐ இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அங்கே முதலில் கேட்பது எந்தப் பகுதியில், எத்தனை வருடம் என்பதைத்தான். இப்போது நானும் பெரியம்மாவும் சேர்ந்து டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வருட வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொரு வருடத்துக்குக் கிடைத்திருக்கிறது.