அடியில் நூல் சிக்கு, மேலே தையல் விடுகிறது: காரணம் ஒன்றல்ல

பனியன் துணி டி-ஷர்ட்டுக்குக் கை மடித்துத் தைக்கும்போது என் வீட்டு மெஷினில் இரண்டு கோளாறும் சேர்ந்து வந்தன. துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுருண்டு பாபின் கேஸ் வரை சிக்கியது. மேலே பார்த்தால் நாலைந்து தையல் ஒழுங்காக விழும், அடுத்து ஒன்றிரண்டு விட்டுப்போகும், அந்த இடத்தில் பூட்டாத நூல் நீளமாகக் கிடக்கும். சேர்ந்து வந்ததால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்றுதான் தோன்றும். கடைசியில் சிக்குக்கு டென்ஷன், விட்டுப்போவதற்கு ஊசி என்று தனித்தனியாகத்தான் தீர்ந்தது.

முதலில் சிக்கைப் பார்த்தேன். அடியில் சிக்கினால் பாபின் கேஸின் சின்னத் திருகை இறுக்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். அதைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு, சாதாரணக் காட்டன் துண்டு ஒன்றில் தைத்தேன். அடியில் சுருண்ட கொத்து முழுக்கச் சிவப்பு. வெள்ளை நூல் நடுவில் நேர்கோடாகப் படுத்துக் கிடந்தது. குவிவது மேல் நூல், ஆகவே கோளாறும் மேல் பக்கம்தான்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒவ்வொரு தையலுக்கும் ஹூக் மேல் நூலைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. அதற்குத் தையலின் நீளத்தைவிடப் பல மடங்கு நூல் கீழே இறங்க வேண்டும். சுற்றி முடிந்ததும், மேலும் கீழும் ஆடும் லீவர் மிச்ச நூலைத் திரும்ப மேலே இழுக்கிறது. அந்த நேரத்தில் டென்ஷன் தட்டுகள் நூலை அழுத்திப் பிடித்திருந்தால்தான் லீவருக்குக் கீழேயிருந்து நூல் வரும். தட்டுகள் பிடிக்காவிட்டால் அது சுலபமாகக் கண்டிலிருந்து புது நூலை இழுத்துக்கொள்ளும். இறங்கிய நூல் கீழேயே தங்கிக் கொத்தாகிவிடும்.

தட்டுகள் பிடிக்கின்றனவா என்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்து, ஊசிப் பக்கம் நூலை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ஃபுட்டை இறக்கிவிட்டு இழுத்தால் ஊசியே லேசாக வளைகிற அளவுக்குப் பிடிமானம் தெரிய வேண்டும். என் மெஷினில் இரண்டு நிலையிலும் நூல் ஒரே மாதிரி வழுக்கியது. டென்ஷன் டயலை 4-லிருந்து 7-க்குத் திருப்பினாலும் கொஞ்சம்தான் வித்தியாசம்.

இப்படி இருந்தால் இரண்டு சாத்தியம்தான் அதிகம். ஒன்று, ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்திருப்பது. அப்போது தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றின் நடுவே போகாமல் மேலோடு நின்றுவிடும். ஃபுட்டைத் தூக்கிவைத்து முதலிலிருந்து கோத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. இன்னொன்று, தட்டுகளுக்கு நடுவில் ஏதாவது மாட்டிக்கொண்டு அவற்றை மூடவிடாமல் செய்வது. நூலை எடுத்துவிட்டு, ஃபுட் தூக்கிய நிலையிலேயே ஒரு மெல்லிய காட்டன் துணிப் பட்டையைத் தட்டுகளின் நடுவே விட்டு முன்னும் பின்னும் இழுத்தேன். பஞ்சு உருண்டை ஒன்று, அதோடு ஒட்டிய ஒரு துண்டு நூலுடன் வெளியே வந்தது. ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள். தட்டில் கீறல் விழுந்தால் நூல் அங்கேயே உரசி அறுபடும்.

அப்புறம் ஃபுட்டை இறக்கி இழுத்தால் பிடிமானம் உடனே தெரிந்தது. டயல் 7-லேயே இருந்ததால் இப்போது வெள்ளை நூல் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தது. 4-க்கு இறக்கியதும் இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. பாபின் திருகைத் தொடவே தேவைப்படவில்லை. தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், திருகின் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள்.

காட்டனில் எல்லாம் சரி. அதே மெஷினில் பனியன் துணியை வைத்தால், சிக்கு இல்லை, ஆனால் தையல் மட்டும் பழையபடி விடுகிறது. காட்டனில் ஒழுங்காக விழுவதால் ஹூக் டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம், பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மாட்டியிருந்தது 14 நம்பர் சாதாரண ஊசி. அதே ரகத்தில் புது ஊசி மாட்டியும் விட்டது. ஆகவே முனை மழுங்கியது காரணமில்லை, ஊசியின் வகைதான்.

நடப்பது இதுதான். ஊசி அடிமட்டத்தைத் தொட்டு 2 மில்லிமீட்டர் போல மேலே எழும்பும்போது, அதன் பின்பக்கம் நூல் ஒரு சின்ன வளையமாக உப்புகிறது. ஹூக்கின் முனை அந்த வளையத்துக்குள் நுழைந்தால் தையல். இழுபடும் துணி ஊசியைக் கவ்விக்கொண்டு அதோடு சேர்ந்து எழும்பும். நூலும் கூடவே எழும்பிவிடும். வளையம் உப்பாது, ஹூக் வெறுமனே கடந்து போகும். ஊசித் தகட்டைக் கழற்றினால் துணிக்குத் தாங்கல் போய்விடும். அதனால் பாபின் மூடியை மட்டும் திறந்து, டார்ச் அடித்துக்கொண்டு கைச்சக்கரத்தை நம் பக்கமாக மெதுவாகச் சுற்றினேன். விடுகிற தையலில் வளையம் தட்டையாக ஊசியோடு ஒட்டியிருந்தது.

11 நம்பர் பால்பாயிண்ட் ஊசி மாட்டியதும் பெரும்பாலும் நின்றது. அதன் உருண்டை முனை இழைகளைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு போகும். ஆனால் லைக்ரா கலந்த விளிம்புப் பட்டையில் இன்னும் விட்டது. அதற்கு ஸ்ட்ரெட்ச் ஊசி, அதே 11 நம்பரில், வேண்டியிருந்தது. இதன் பின்பக்கக் குழிவு கூடுதலாக இருப்பதால் ஹூக் ஊசிக்கு இன்னும் நெருக்கமாகப் போகிறது, சின்ன வளையத்தைக்கூடப் பிடித்துவிடுகிறது. பனியன் துணி தைப்பவர்கள் நேராக இந்த ஊசியையே வாங்கிவைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஊசி மாட்டும்போது திசை முக்கியம். முன்னாலிருந்து நூல் கோக்கும் மெஷினில் தட்டைப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும். இடமிருந்து வலமாகக் கோப்பதில் தட்டை வலப்பக்கம். மேலே முட்டும்வரை ஏற்றித்தான் திருகை இறுக்க வேண்டும். கொஞ்சம் இறங்கியிருந்தாலும் ஹூக் தவறவிடும். சரியான புது ஊசி, சரியாக மாட்டி, சாதாரணக் காட்டனிலேயே தையல் விட்டால் மட்டும் ஹூக் டைமிங்கைச் சந்தேகிக்கலாம். அது மெக்கானிக் வேலை.

டி-ஷர்ட் கையை 1 அகலம், 2.5 நீளம் வைத்துக் குறுகிய ஜிக்-ஜாக்கில் தைத்தேன். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும். கடைசியாக ஒரே ஒரு இடத்தில் தொந்தரவு கொடுத்தது: கையின் பக்கத் தையல் மடிப்போடு சேர்ந்து தடிக்கிற இடம். அங்கே ஏறும்போது ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்கிறது, துணி அழுத்தமில்லாமல் ஊசியோடு எழும்புகிறது. அதே தடிமனுக்கு ஒரு துணித் துண்டை மடித்து ஃபுட்டின் பின்பக்கம் அடியில் வைத்து மட்டமாக்கி, கைச்சக்கரத்தால் மெதுவாகக் கடத்தினேன். ஒரு தையலும் விடவில்லை.