போட்டோவில் வந்த ஒட்டுறவு அட்டவணையிலிருந்து பகுதி ஒட்டுறவு: நாங்கள் போட்ட கணக்கு

கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. SPSS என்ற புள்ளியியல் மென்பொருள் அச்சிட்ட ஒட்டுறவு அட்டவணையை யாரோ போனில் சாய்வாகப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பயிற்சிக் கணக்கு அது. 60 மாணவர்கள், மூன்று மாறிகள்: கணிதத் தேர்வு மதிப்பெண், அறிவியல் தேர்வு மதிப்பெண், வாரத்தில் படித்த மணி நேரம். படிப்பு நேரத்தின் பங்கை விலக்கினால் இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே எவ்வளவு ஒட்டுறவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. அப்படி மிஞ்சுவதுதான் பகுதி ஒட்டுறவு. மூல மதிப்பெண்கள் கிடையாது. ஆனால் மூன்று ஒட்டுறவுக் கெழுக்கள் இருந்தால் இந்தக் கேள்விக்குப் போதும். மாணவர்வாரியான தரவு இல்லையே என்று இதைக் கைவிட வேண்டியதில்லை.

கணக்கு நான்கு வரிதான். நேரம் போனதெல்லாம் போட்டோவைச் சரியாகப் படிப்பதில். அதையே முதலில் சொல்கிறோம்.

இந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று வரிகள் இருக்கும். மேல் வரி ஒட்டுறவுக் கெழு, நடு வரி `Sig.` என்ற p மதிப்பு, கீழ் வரி `N` என்ற ஆட்களின் எண்ணிக்கை. படம் சாய்ந்திருந்தால் வரிகள் ஒன்றோடொன்று நழுவி, ஒரு கட்டத்தின் கெழுவுக்குப் பக்கத்துக் கட்டத்தின் `Sig.` நேராக வந்து நிற்கும். படத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு வரியிலும் ஒரு தாளின் விளிம்பை வைத்துப் படிப்பது நல்லது. இன்னொன்று, SPSS கெழுவின் முன்னால் பூஜ்யம் போடாது. `.621**` என்றுதான் அச்சிடும். மங்கலான படத்தில் அந்தப் புள்ளி காணாமல் போய் 621 என்று தெரியும். கழித்தல் குறியும் அப்படித்தான், மெல்லிய கோடு என்பதால் முதலில் மறைவது அதுவே.

எங்களுக்குத் தெளிவாகக் கிடைத்தவை இரண்டு. கணிதம்–அறிவியல் 0.621, கணிதம்–படிப்பு நேரம் 0.543. அறிவியல்–படிப்பு நேரம் கட்டத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. பின்னால் வரும் 78 தெரிகிறது, முன்னால் இருப்பது 4-ஆ 1-ஆ என்று தெரியவில்லை. வழக்கமாக இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒட்டுறவு அட்டவணை மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒன்றேதான். ஒரு பக்கம் அழிந்த எண்ணை மறுபக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்ததால் அது கைகொடுக்கவில்லை.

கைகொடுத்தது நட்சத்திரக் குறி. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் இருந்தது, 0.01 மட்டத்தில் முக்கியத்துவம் உள்ளது என்று பொருள். 60 பேருக்கு, இருமுனைச் சோதனையில், 0.05 மட்டத்துக்குக் கெழு சுமார் 0.254-ஐத் தாண்ட வேண்டும், 0.01 மட்டத்துக்குச் சுமார் 0.330-ஐத் தாண்ட வேண்டும். 0.178-க்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்காது. அதன் `Sig.` வரியில் 0.17 அளவில் ஓர் எண் இருந்திருக்க வேண்டும். படத்தில் இருந்ததோ `.000`. ஆகவே அது 0.478 என்று உறுதியானது.

இந்த ஒரு இலக்கத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது கணக்கைப் போட்டால் புரியும். கணிதம் 1, அறிவியல் 2, படிப்பு நேரம் 3 என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இது:

```
r12.3 = (r12 - r13*r23) / sqrt((1 - r13^2)*(1 - r23^2))
```

புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் விலக்கப்படும் மாறி. இந்தப் புள்ளிக் குறியீட்டு முறையைக் கொண்டுவந்தவர் உட்னி யூல், 1907-இல்.

மேலே முதலில் பெருக்கல்: 0.543 × 0.478 = 0.2596. இதை 0.621-இலிருந்து கழித்தால் 0.3614. கீழே, 1-இலிருந்து 0.543-இன் வர்க்கத்தைக் கழித்தால் 0.7052, 0.478-இன் வர்க்கத்தைக் கழித்தால் 0.7715. இரண்டையும் பெருக்கினால் 0.5440, அதன் வர்க்கமூலம் 0.7376. ஆக 0.3614 ÷ 0.7376 = 0.490.

சாதாரண ஒட்டுறவு 0.62 ஆக இருந்தது, படிப்பு நேரத்தை விலக்கியதும் 0.49-க்கு இறங்கியது. அந்தக் கட்டத்தை 0.178 என்று படித்திருந்தால் விடை 0.635 வந்திருக்கும். அதாவது, படிப்பு நேரத்தை விலக்கினாலும் ஒட்டுறவு குறையவே இல்லை, கொஞ்சம் கூடவும் செய்கிறது என்று எழுதியிருப்போம். முடிவே தலைகீழ். அதைவிடக் கவலை தருவது, 0.635 என்ற விடையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான். விலக்கப்படும் மாறி இரண்டில் ஒன்றோடு மட்டுமே உறவுள்ளதாக இருந்தால் பகுதி ஒட்டுறவு உண்மையிலேயே கூடும். எனவே விடை ஏறிவிட்டது என்பதை மட்டும் வைத்துத் தவறு என்று சொல்ல முடியாது.

கழித்தல் குறியை விட்டுவிட்டால் நிலைமை வேறு. உதாரணத்துக்கு, மூன்று கெழுக்களில் ஒன்றின் குறி மட்டும் மாறிப்போய் r23 = −0.478 என்று கணக்கில் ஏறினால், மேலே கழிப்பதற்குப் பதில் கூட்ட நேரிட்டு விடை 1.19 வரும். எந்த ஒட்டுறவும் 1-ஐத் தாண்டாது, அதனால் இந்தப் பிழை தானாகவே வெளியே வந்துவிடும். இரண்டு குறிகள் சேர்ந்து மாறினால் அப்படி மாட்டாது. r13, r23 இரண்டுமே எதிர்க்குறியானால் பெருக்கற்பலன் மாறாது, விடையும் அதே 0.490. படிப்பு நேரத்தை யாராவது தலைகீழாகக் குறியீடு செய்திருந்தாலும் இந்த விடைக்குப் பாதகமில்லை என்பது இதனால்தான்.

கால்குலேட்டரில் போடும்போது அதிகம் நடக்கும் பிழை வர்க்கமூலத்தை மறப்பது. 0.3614-ஐ 0.5440-ஆல் வகுத்தால் 0.664 வரும். பார்க்க நம்பும்படியான எண்தான். அதனாலேயே கடந்து போய்விடுவார்கள். அடுத்தது, விலக்க வேண்டிய மாறியை மாற்றிப் போடுவது. இதே அட்டவணையில் கணிதத்தை விலக்கி, அறிவியலுக்கும் படிப்பு நேரத்துக்கும் போட்டால் 0.214 வரும். கணக்கில் பிழை இல்லை, கேள்விதான் வேறு. பேனாவை எடுப்பதற்கு முன் 1, 2, 3 எது எது என்று தாளின் மேலே எழுதி வைத்துக்கொண்டால் இது நேராது.

சரிபார்க்க R-இல் நான்கு வரி போதும். அணியின் நேர்மாறை எடுத்து, குறியை மாற்றினால் ஒவ்வொரு சோடிக்கும் பகுதி ஒட்டுறவு ஒரே தடவையில் வந்துவிடும்:

```r
R <- matrix(c(1, .621, .543,  .621, 1, .478,
              .543, .478, 1), 3, 3)
P <- -cov2cor(solve(R))
round(P[1, 2], 3)
```

இதுவும் 0.49 என்றே காட்டியது. இது கைக்கணக்கைத்தான் சரிபார்க்கும், போட்டோவைப் படித்ததைச் சரிபார்க்காது. 0.178-ஐக் கொடுத்தால் அதுவும் தயங்காமல் 0.635 என்று சொல்லும்.

முக்கியத்துவச் சோதனையில் ஒரு சிறு மாற்றம். சாதாரண ஒட்டுறவுக்குக் கட்டின்மைப் படி n − 2; இங்கே ஒரு மாறியை விலக்கியதால் n − 3, அதாவது 57. t = 0.490 × √(57 ÷ (1 − 0.490²)) = 4.24. p 0.001-க்கும் கீழே. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளிக்கு ஃபிஷரின் z மாற்றத்தில் திட்டப்பிழை 1/√(n − 4). இங்கே அது 0.134; இடைவெளி 0.27 முதல் 0.66 வரை விரிகிறது. இந்த அகலத்தைப் பார்த்த பிறகு 0.490 என்று மூன்று தசமம் எழுத மனம் வராது, 0.49 என்பதே போதும்.

`N` வரியையும் விட்டுவிடக் கூடாது. எங்கள் படத்தில் மூன்று கட்டத்திலும் 60 என்றே இருந்ததால் தொல்லையில்லை. 60, 57, 55 என்று வேறுபட்டிருந்தால், ஒவ்வொரு கெழுவும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தது என்று பொருள். SPSS-இல் சாதாரண ஒட்டுறவுக்கு, விடுபட்ட மதிப்புகளைச் சோடிவாரியாக ஒதுக்குவதே இயல்பு அமைப்பு. பகுதி ஒட்டுறவுக் கட்டளையோ இயல்பு அமைப்பில் மூன்றும் உள்ளவர்களை மட்டுமே எடுக்கும். அதனால் அட்டவணையிலிருந்து நாம் போடும் விடையும், மூலத் தரவில் மென்பொருள் தரும் விடையும் சற்று விலகும். அப்போது மிகச் சிறிய `N`-ஐ வைத்துச் சோதிப்பது பத்திரம், அப்படிச் செய்ததை எழுதியும் வைக்க வேண்டும்.

இனி 0.49 என்ன சொல்கிறது? படிப்பு நேரத்தை வைத்து ஒவ்வொரு மாணவரின் கணித மதிப்பெண்ணையும் நேர்கோட்டில் கணித்து, நிஜ மதிப்பெண்ணிலிருந்து கழித்தால் ஓர் எச்சம் மிஞ்சும். அறிவியலுக்கும் அப்படியே. இந்த இரண்டு எச்சங்களுக்கும் இடையிலான ஒட்டுறவே 0.49. ஒரே அளவு நேரம் படித்த மாணவர்களுக்குள்ளேயும், கணிதத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தவர் அறிவியலிலும் கூடுதலாக எடுக்கும் போக்கு இருக்கிறது. வர்க்கப்படுத்தினால் 0.24. படிப்பு நேரம் விளக்காமல் விட்ட மாறுபாட்டில்தான் இந்த 24 விழுக்காடு, மொத்த மாறுபாட்டில் அல்ல.

இங்கே நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. விலக்கியது படிப்பு நேரத்தை அல்ல, மாணவர்கள் நினைவிலிருந்து சொன்ன படிப்பு நேரத்தை. அந்த எண்ணில் பிழை இருக்கும் அளவுக்கு விலக்கலும் அரைகுறையாகவே நடக்கும், மிஞ்சும் ஒட்டுறவு உயர்ந்தே நிற்கும். நேரத்தின் நம்பகக் கெழு தெரிந்தால் திருத்திப் பார்க்கலாம். r13, r23 இரண்டையும் அதன் வர்க்கமூலத்தால் வகுத்துவிட்டு அதே சூத்திரத்தில் போட வேண்டியதுதான். நம்பகம் 0.8 என்று கொண்டால் 0.49 என்பது 0.44 ஆகிறது, 0.7 என்று கொண்டால் 0.40. எங்கள் போட்டோவில் நம்பகம் பற்றி எதுவும் இல்லை. அதனால் விடைத்தாளில் 0.49-க்குக் கீழேயே இந்த இரண்டு எண்களையும், எந்த அனுமானத்தில் வந்தவை என்ற குறிப்போடு எழுதிக் கொடுத்தோம்.