ஃப்ரிட்ஜ் குழாய் சொட்டிய பத்து நாள்

மார்ச் 3, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் கதவில் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் சின்னத் தட்டு இன்று காலை நிரம்பி வழிந்திருந்தது. தரையில் கால் வைத்த அத்தைதான் முதலில் பார்த்தார். துடைத்துவிட்டு ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். "தண்ணியில பாசி வாடை அடிக்குதும்மா."

வெள்ளிக்கிழமைதான் உள்ளே இருக்கும் ஃபில்டரை மாற்றினேன். பழையது ஆறு மாதம் தாண்டிவிட்டது. அதனால் முதல் சந்தேகம் புது ஃபில்டர் மேல்தான். சர்வீஸுக்குப் போன் செய்தால், பார்க்காமலேயே "வால்வு போயிருக்கும் மேடம், மாத்தணும்" என்றார்கள். சில ஆயிரம் ரூபாய் விஷயம். இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டையும் எழுதிவிடுகிறேன். சென்னையில் ஃப்ளாட். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை நேராக ஃப்ரிட்ஜுக்குக் கொடுக்கவில்லை. ஃப்ரிட்ஜ் ஃபில்டரில் இருப்பது கரி. அது குளோரின் வாடையைக் குறைக்கும், உப்பை எடுக்காது. அதனால் ஆர்.ஓ. மெஷினின் சுத்தத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு டியூப் எடுத்து, சின்ன பம்பு வழியாக ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்திருக்கிறோம். ஃப்ரிட்ஜ் கேட்பது குறைந்தது 20 பிஎஸ்ஐ அழுத்தம். ஆர்.ஓ. தொட்டி தானாகக் கொடுப்பது ஒன்றுகூடத் தேறாது, அதற்குத்தான் பம்பு. அதை மாட்டியவர் ஆர்.ஓ.வுக்கு மேலே, அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 4, திங்கள்

சொட்டை எண்ணினேன். சிரிக்க வேண்டாம்.

ஒரு டம்ளர் பிடித்துவிட்டு, போனில் நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் நிமிடத்தில் 31 சொட்டு, அடுத்த நிமிடத்தில் 9, மூன்றாவதில் 2. அப்புறம் நின்றுவிட்டது. வால்வு சரியாக மூடவில்லை என்றால் இப்படிக் குறைந்து நிற்காது, மணிக்கணக்காக ஒரே வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கும். குறைந்துகொண்டே போய் நிற்கிறது என்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. தண்ணீர் ஓடும்போது அந்தக் காற்று அமுங்குகிறது. கையை எடுத்ததும் மெல்ல விரிந்து, முன்னால் நிற்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளுகிறது.

வால்வு நல்லது என்பதற்கு இன்னொரு சாட்சி அந்த பம்பு. வால்வு கசிந்தால் லைனில் அழுத்தம் இறங்கும், நடுராத்திரியிலும் பம்பு தானாக 'கிர்' என்று ஓடி நிற்கும். நேற்று இரவு அடுக்களையில் சத்தமே இல்லை.

ஃபில்டர் மாற்றினால் காற்று புகுவது சகஜம். நிறையத் தண்ணீரை ஓடவிட்டு அதை வெளியேற்ற வேண்டும். நான் அன்று ஒரு சொம்பு பிடித்துக் கொட்டியதோடு விட்டிருந்தேன். இன்று விட்டு விட்டுப் பத்து லிட்டர் பிடித்தேன். முதலில் கொஞ்சம் கறுப்பாக வந்தது, அது புதுக் கரியின் தூள்தான். நடுநடுவே 'புஸ் புஸ்' என்று துப்பியது. எல்லாம் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போயிற்று. மாலையில் எண்ணியபோது மொத்தம் நான்கே சொட்டு. வாடை மட்டும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 6, புதன்

சொட்டு திரும்பிவிட்டது. இன்று முதல் நிமிடத்தில் 26. திங்களன்று காற்றை வெளியேற்றியாயிற்று என்றால், புதிதாக எங்கிருந்தோ உள்ளே வருகிறது. அது எங்கே என்று யோசித்தே வேலை கெட்டது.

சரி, வாடையையாவது பார்ப்போம் என்று மூன்று டம்ளர் எடுத்தேன். ஒன்றில் ஆர்.ஓ. குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டியூபைக் கழற்றி அங்கேயே பிடித்த தண்ணீர். மூன்றாவதில், ஃபில்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெட்டியோடு வந்த மூடியைச் செருகி, ஃப்ரிட்ஜ் வழியாகவே பிடித்தது. மூன்றையும் தட்டால் மூடி ஒரு மணி நேரம் வைத்தேன். ஜில்லென்று இருந்தால் வாடை அமுங்கிவிடும், மூக்கு ஏமாந்துபோகும்.

எது எதுவென்று சொல்லாமல் அத்தையிடம் நீட்டினேன். முதல் டம்ளர் "நல்லாயிருக்கு." இரண்டாவதை வாய் வரைக்கும் கொண்டுபோகவில்லை, "இதேதான்." மூன்றாவதும் அதேதான். ஆக, ஃபில்டர் நிரபராதி, ஆர்.ஓ.வும் நிரபராதி. குற்றவாளி இடையில் ஓடும் ஏழு மீட்டர் டியூபில் இருக்கிறது.

மார்ச் 9, சனி

விடுமுறை. டியூபை முழுக்கப் பின்தொடர்ந்தேன். பம்பிலிருந்து ஜன்னல் சட்டம் ஓரமாகப் போய், பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தைச் சுற்றி, மறுபடி உள்ளே வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சேர்கிறது. எல்லாம் கண்ணாடி போல ஊடே தெரியும் மெத்து டியூப். வெயில் படும் அந்த இரண்டு மீட்டரில் உள்சுவர் லேசாகப் பச்சை பூத்திருந்தது. நகத்தால் நசுக்கினால் ஒரு சின்னப் பச்சைத் திரை உரிந்து தண்ணீரில் மிதந்தது. பகலெல்லாம் வெளிச்சம், குளோரின் இல்லாத தண்ணீர், இரவெல்லாம் ஓட்டமில்லை. பாசிக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்.

டியூப் ஊடே தெரிவதால் ஒரு நன்மையும் உண்டு. ஃப்ரிட்ஜில் வீட்டுக்காரரைத் தண்ணீர் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் ஸ்டூல் மேல் ஏறி பம்பைப் பார்த்தேன். தொட்டியிலிருந்து பம்புக்கு ஏறும் டியூபில் குமிழி இல்லை, பம்பைத் தாண்டிய டியூபில் கடுகு கடுகாகக் குமிழி ஓடியது. பம்புக்குள் தண்ணீர் நுழையும் வாயில் இருக்கும் இணைப்பிலிருந்துதான் கிளம்புகிறது. அங்கே ஒரு சொட்டு ஈரம் கிடையாது, இருக்கவும் இருக்காது. அந்தப் பக்கம் பம்பு உறிஞ்சுகிறது. இணைப்பு தளர்ந்தால் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். நான் மூன்று நாளாக டிஷ்யூ பேப்பரை வைத்து ஈரம் தேடியது எல்லாம் பம்புக்கு மறுபக்கம், ஃப்ரிட்ஜுக்குப் போகும் வழியில்.

அழுத்திச் செருகும் இந்த இணைப்புகளுக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. டியூப் கெட்டியாக, சரியான உருண்டையாக இருந்தால்தான் அது நன்றாகப் பிடிக்கும். மெத்து டியூப் நாளாக ஆகச் சப்பிவிடுகிறது. சொட்டு, வாடை, இரண்டு வழக்குக்கும் ஒரே கைதி!

மார்ச் 10, ஞாயிறு

ஆர்.ஓ. சாமான் விற்கும் கடைக்குப் போய், வெளிச்சம் ஊடுருவாத கால் அங்குல வெள்ளை டியூப் கேட்டேன். "குடிக்கிற தண்ணிக்குத்தானே அண்ணே இது?" என்று இரண்டு முறை கேட்டதில் கடைக்காரருக்குச் சலிப்பு. எட்டு மீட்டரும் இரண்டு இணைப்புகளும் வாங்கினேன்.

முதலில் பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரிட்ஜில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து லைனில் அழுத்தத்தை இறக்கினோம். டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டினால் முனை சாய்ந்து நசுங்குகிறது, அதனால் புது பிளேடால் நேராக வெட்டினேன். முனையிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்குப் பேனாவால் ஒரு கோடு. செருகும்போது முதலில் ஒரு தடை வரும், அதோடு முடிந்தது என்று தோன்றும். அதையும் தாண்டி அழுத்தினால்தான் வளையத்துக்குள் போகிறது. கோடு எவ்வளவு உள்ளே போனது என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அப்புறம் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று கையோடு வந்துவிட்டது, மறுபடி செருகினேன்.

வெயிலில் போகாமல் அடுக்களைச் சுவர் ஓரமாகவே கொண்டுவந்தோம். பம்பையும் தொட்டிக்குக் கீழே இறக்கிவிட்டார் அவர். இனி அந்த வாய் தளர்ந்தால் காற்றை உறிஞ்சுவதற்கு முன்னால் ஈரத்தைக் காட்டிவிடும்.

ஃப்ரிட்ஜுக்குள் காய்கறித் தட்டுக்குப் பின்னால் தண்ணீர் குளிரும் ஒரு சுருள் தொட்டி இருக்கிறது, பழைய தண்ணீர் அதில் நிற்கும். ஃபில்டரைப் போடாமல் மூடியோடேயே பத்து லிட்டர் ஓட்டினேன். அப்புறம் ஃபில்டரை மாட்டி இன்னும் ஐந்து. ஐஸ் பெட்டியில் இருந்ததையும் கொட்டியாயிற்று.

மார்ச் 13, புதன்

முதல் நிமிடத்தில் 3 சொட்டு, அதோடு சரி. பத்து விநாடியில் முக்கால் டம்ளருக்கு மேல் நிரம்புகிறது. நேற்று வரை லேசாக ஏதோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தை, இன்று கேட்காமலேயே இரண்டாவது டம்ளர் பிடித்துக்கொண்டு போனார். வால்வு என்ன ஆயிற்று என்று சர்வீஸிலிருந்து போன் வந்தது. வேண்டாம் என்றேன்.